ஒரு மண்டபம், ஒரு இன்டர்நெட், மூன்று லைவ்... தாலி கட்டும் நேரத்தில் படம் நிற்காமலிருக்க என்ன வழி?

மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி. பெண் வீடு ஆவடி. வீடியோ எடுப்பவர் அம்பத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணியிலிருந்து 7.30 வரை முகூர்த்தம். இப்படி ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளையின் அண்ணன் டொரன்டோவில் இருக்கிறார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே அப்போது சனிக்கிழமை இரவு எட்டரை மணி. வீட்டு டி.வி-யில் யூடியூபைப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார். பெண்ணின் சித்தி சிட்னியில் இருக்கிறார். அங்கே காலை பத்தரை. அவருக்கு எல்லாமே ஃபேஸ்புக்தான், யூடியூப் லிங்க் அனுப்பினால் 'இது எங்கப்பா திறக்கும்?' என்று கேட்பார். இதற்கு நடுவில் ஸ்டூடியோக்காரருக்கும் ஓர் ஆசை. இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டதால், தன் யூடியூப் சேனலிலும் கல்யாணத்தை லைவ் போட வேண்டும்.

ஆக, ஒரே கேமரா, ஒரே லேப்டாப்... ஆனால், மூன்று இடங்களுக்கு நேரலை. லேப்டாப்பிலிருந்து மூன்று இடங்களுக்கும் நேராக அனுப்பிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். பல மண்டபங்களில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் படம் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இந்த யோசனையும் ஒரு காரணம்.

நெரிசல் எங்கே?

நேரலையின் தரத்தை ஒரு விநாடிக்கு எவ்வளவு டேட்டா போகிறது என்பதை வைத்துச் சொல்வார்கள். 720p தரத்தில், விநாடிக்கு 30 ஃபிரேம் கொண்ட படத்துக்கு 3,000 கிலோபிட், ஒலிக்கு 128 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சுமார் 3.1 மெகாபிட். கல்யாணத்துக்கு இது போதுமான தரம். மாலையும் முகமும் தெளிவாகத் தெரியும்.

இதையே மூன்று இடங்களுக்கு லேப்டாப்பிலிருந்து நேராக அனுப்பினால், ஒரே படம் மூன்று முறை மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும். 3.1 மெகாபிட் என்பது 9.4 மெகாபிட் ஆகிவிடும். 'எங்க மண்டபத்துல நூறு எம்.பி ஸ்பீடு சார்' என்று மேனேஜர் சொல்லலாம். அது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். நேரலைக்குத் தேவையானது அப்லோடு வேகம். டாங்கிளோ மொபைல் ஹாட்ஸ்பாட்டோ வைத்திருந்தால், இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

இன்னொரு விஷயம், அளந்து பார்க்கும் நேரம். முந்தின நாள் மதியம், காலி மண்டபத்தில் ஸ்பீடு டெஸ்ட் செய்தால் 12 மெகாபிட் அப்லோடு காட்டலாம். மறுநாள் காலையில் ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு செல்போனில் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்ததும், அதே டாங்கிள் 5 மெகாபிட்டுக்கு இறங்கலாம். ஒரு டவரின் அலைவரிசையை அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் அத்தனை போன்களும் ஒன்றாக மேலே எழும். நேரலைக்கு வேகம் மிகவும் தேவைப்படும் அதே நிமிடத்தில்தான் வேகம் மிகவும் குறைகிறது.

நேரலைக்கு எடுத்துக்கொள்வது, கிடைக்கும் அப்லோடு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. 5 மெகாபிட்டில் 3.1 அடங்கும். 9.4 எப்படியும் அடங்காது.

டேட்டா பேக் விஷயத்திலும் இதே கணக்குதான். 3.1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் சாதாரண பேக் போட்ட சிம்மில், ஒரே இடத்துக்கு அனுப்பினால் ஏறக்குறைய 85 நிமிடம் தாங்கும். மூன்று இடங்களுக்கு நேராக அனுப்பினால் 28 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ஒலியைக்கூட ஒழுங்காக அனுப்ப முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு 'டெஸ்ட்' என்று ஆரம்பித்து நிறுத்த மறந்தவர்களுக்கு, முகூர்த்தம் முடிவதற்குள் பேக் காலியாகிவிடும்.

நடுவில் ஒரு ஆள்

இதற்குத் தீர்வு, படத்தை மண்டபத்திலிருந்து ஒரே ஒரு முறை அனுப்புவது. அதை வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு, நகலெடுத்து மூன்று இடங்களுக்கும் அனுப்பும். இதற்கு ரிலே சர்வர் என்று பெயர். பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் சமையற்கட்டிலிருந்து தனித்தனியாக ஓடிவர வேண்டியதில்லை. ஒரு வாளியைப் பந்தி முனைக்குக் கொண்டுவந்துவிட்டால், அங்கிருந்து பரிமாறிக்கொள்ளலாம்.

அந்த சர்வர் இருக்கும் இடத்தில் இன்டர்நெட்டுக்குப் பஞ்சமில்லை. அது டேட்டா சென்டரில் இருக்கும் வாடகை சர்வர். கல்யாண ஸ்டூடியோக்கள் இருக்கும் இதே அம்பத்தூரில்தான் என்.டி.டி, கன்ட்ரோல்எஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய டேட்டா சென்டர்களும் இருக்கின்றன. சென்னையில் இருக்கும் சர்வரையே வாடகைக்கு எடுப்பதும் இப்போது சாத்தியம். உதாரணத்துக்கு, அகமாய் நிறுவனம் தன் லினோட் சேவைக்கு 2023-ல் சென்னையிலும் மையம் தொடங்கியது. மண்டபத்துக்கும் சர்வருக்கும் இடையிலான தூரம் குறைந்தால், சிக்னல் வழியில் தடுமாறும் வாய்ப்பும் குறையும்.

ரிலே சர்வருக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. படத்தை அது பிரித்துப் பார்ப்பதில்லை, மாற்றுவதில்லை. வந்ததை வந்தபடியே நகலெடுத்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான். 1 ஜிபி ரேம் உள்ள மிகச் சிறிய வாடகை சர்வரே போதும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு, மூன்று இடங்களுக்கும் சேர்த்து சர்வரிலிருந்து வெளியே போவது 13 ஜிபி-க்கும் குறைவு. மாதம் 1 டெராபைட் அனுமதி உள்ள திட்டமாக இருந்தால், 75 கல்யாணங்கள் வரை அதிலேயே நடத்திவிடலாம்.

ஒரே ஊற்றிலிருந்து பல வழிகளில் அனுப்புவது பெரிய இடங்களிலும் நடப்பதுதான். 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, இஸ்ரோவின் ஒரே நேரலை அதன் இணையதளம், யூடியூப், ஃபேஸ்புக், தூர்தர்ஷன் என நான்கு வழிகளில் போனது. யூடியூபில் மட்டும் உச்ச நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். மண்டபத்தில் பார்ப்பவர்கள் எண்பது பேராக இருக்கலாம். ஆனால், 'ஒருமுறை அனுப்பு, வெளியே போய்ப் பிரி' என்ற கணக்கு ஒன்றுதான்.

அமைப்பது எப்படி?

இந்த வேலைக்கு அதிகம் புழங்கும் இலவச மென்பொருள், என்ஜின்எக்ஸ் வெப் சர்வரோடு சேர்த்துப் போடும் ஆர்.டி.எம்.பி மாட்யூல். ரோமன் அருத்யுன்யன் என்ற புரோகிராமர் எழுதியது. ஆர்.டி.எம்.பி என்பது ஒரு காலத்தில் ஃபிளாஷ் பிளேயருக்காக உருவான முறை. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் விடைபெற்றுவிட்டது. ஆனால், கேமரா பக்கத்திலிருந்து யூடியூப், ஃபேஸ்புக்குக்குப் படத்தை அனுப்புவதற்கு அந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

உபுண்டு போட்ட சர்வரில் நிறுவுவதற்கு ஒரு வரி போதும்:

```
sudo apt install nginx libnginx-mod-rtmp stunnel4
```

அடுத்து, `/etc/nginx/nginx.conf` ஃபைலின் கடைசியில், மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் வெளியே, இதைச் சேர்க்க வேண்டும்:

```
rtmp {
    server {
        listen 1935;
        chunk_size 4096;
        application k7mandapam42 {
            live on;
            push rtmp://a.rtmp.youtube.com/live2/KEY1;
            push rtmp://a.rtmp.youtube.com/live2/KEY2;
            push rtmp://127.0.0.1:19350/rtmp/FBKEY;
        }
    }
}
```

`push` என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஓர் இடம். முதல் வரி மாப்பிள்ளை வீட்டு யூடியூப், இரண்டாவது ஸ்டூடியோவின் யூடியூப். `KEY1`, `KEY2` இருக்கும் இடங்களில் அந்தந்தச் சேனலின் ஸ்ட்ரீம் கீயை ஒட்ட வேண்டும். அந்த நீளமான எழுத்து வரிசை வீட்டுச் சாவி மாதிரி. அது கையில் இருக்கும் யாரும் அந்தச் சேனலில் எதையும் ஒளிபரப்பலாம். அதனால், அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது.

மூன்றாவது வரியில் ஃபேஸ்புக் முகவரி இல்லாததைக் கவனித்திருக்கலாம். ஃபேஸ்புக் பூட்டுப் போட்ட, அதாவது என்க்ரிப்ட் செய்த இணைப்பை மட்டுமே ஏற்கும். இந்த மாட்யூலுக்கு அப்படி அனுப்பத் தெரியாது. எனவே, படத்தை முதலில் அதே சர்வருக்குள் இருக்கும் எஸ்டனல் என்ற சின்ன மென்பொருளிடம் கொடுக்கிறோம். அது பூட்டுப் போட்டு ஃபேஸ்புக்குக்கு அனுப்புகிறது. அதற்கு `/etc/stunnel/fb.conf` என்ற ஃபைலில் நான்கு வரிகள்:

```
[fb]
client = yes
accept = 127.0.0.1:19350
connect = live-api-s.facebook.com:443
```

'யூடியூப் போகுது, ஃபேஸ்புக் மட்டும் போகமாட்டேங்குது' என்று முதன்முறை செய்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்லாம் எழுதிய பிறகு `sudo nginx -t` என்று கொடுத்தால், எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். பிழை இல்லையென்றால் என்ஜின்எக்ஸ், எஸ்டனல் இரண்டையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட வேண்டும். சர்வரின் ஃபயர்வாலில் 1935 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும்.

மண்டபத்து லேப்டாப்பில் இருப்பது ஓ.பி.எஸ் ஸ்டூடியோ. அதன் `Settings` பகுதியில் `Stream` என்ற இடத்துக்குப் போய், `Custom` என்பதைத் தேர்ந்தெடுத்து, யூடியூபுக்குப் பதிலாக நம் சர்வரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். `rtmp://` என்று எழுதி, சர்வரின் எண், ஒரு சாய்கோடு, பிறகு `k7mandapam42`. கீ இருக்கும் இடத்தில் ஏதாவது ஒரு சொல்.

'மண்டபம்' என்று நேராக வைக்காமல் நடுவில் எண்களையும் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த எளிய அமைப்பில், சர்வரின் எண்ணும் இந்தப் பெயரும் தெரிந்த யாரும் படம் அனுப்பலாம். அது அப்படியே மூன்று சேனல்களிலும் போய் நிற்கும். எளிதில் ஊகிக்க முடியாத பெயர்தான் இங்கே கதவுக்குத் தாழ்ப்பாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதை மாற்றிவிடுவது நல்லது. கல்யாணம் முடிந்ததும் சர்வரை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஓ.பி.எஸ்-ஸில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. சர்வர் படத்தை மாற்றாமல் அனுப்புவதால், மூன்று இடங்களும் ஏற்கும் அமைப்பில் படம் கிளம்ப வேண்டும். ஹெச்.264 வீடியோ, ஏ.ஏ.சி ஒலி, மாறாத பிட்ரேட், கீஃபிரேம் இடைவெளி 2 விநாடி. இந்த இடைவெளியை `0` என்று விட்டுவிட்டால் ஓ.பி.எஸ் தானாக ஒன்றை முடிவு செய்துகொள்ளும். அது நீளமாகப் போனால் யூடியூப் எச்சரிக்கை காட்டும். இதே காரணத்தால் இன்ஸ்டாகிராமை இந்த ஏற்பாட்டில் சேர்ப்பதும் கடினம். அங்கே நெட்டுக்குத்தான படம் வேண்டும். அகலமான படத்தை நறுக்கி, மறுபடி தயாரித்து அனுப்ப வேண்டுமென்றால் சின்ன சர்வர் திணறிவிடும்.

முந்தின வாரமே முடிக்க வேண்டியவை

சர்வரை ஒரு மணி நேரத்தில் அமைத்துவிடலாம். கணக்குகளைத் தயார் செய்ய அது போதாது. யூடியூப் சேனலில் முதன்முறையாக நேரலை வசதியைத் திறந்தால், 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு புதுச் சேனல் தொடங்கினால் காரியம் கெட்டது.

ஃபேஸ்புக்கில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். 2024 ஜூன் முதல், நேரலை செய்யும் கணக்கு தொடங்கி 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பேஜாக இருந்தால் 100 ஃபாலோயராவது வேண்டும். கல்யாணத்துக்கென்றே மணமக்கள் பெயரில் பத்து நாளுக்கு முன் ஆரம்பித்த அழகான பேஜ், இந்தக் காரணத்தால் பயன்படாமல் போகும். நம் உதாரணத்தில், பெண்ணின் மாமா பல வருடங்களாக வைத்திருக்கும் பேஜைப் பயன்படுத்துவதுதான் சரி.

ஃபேஸ்புக் கீ ஒவ்வொரு நேரலைக்கும் புதிதாகக் கிடைப்பது உண்டு. காலையில் புதுக் கீயை எடுத்தால், அதை சர்வரில் ஒட்டி, என்ஜின்எக்ஸை மறுபடி ஏற்றிய பிறகுதான் ஓ.பி.எஸ்-ஸில் `Start Streaming` அழுத்த வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நேரலைக்கு மாற்றிய கீ போய்ச் சேராது. ஓ.பி.எஸ்-ஸை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புது வரி வேலை செய்யும்.

யூடியூபில் 'ஆட்டோ ஸ்டாப்' என்றொரு வசதி இருக்கிறது. சிக்னல் நின்றால், நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று யூடியூப் தானாகவே நேரலையை மூடிவிடும். மண்டபத்தில் கரன்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் லிங்க் செத்துப்போகும். பிறகு வருவது புது லிங்க்காக இருக்கும். டொரன்டோவில் இருப்பவர் பழைய லிங்க்கையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். இதை முன்கூட்டியே அணைத்துவைத்தால், இணைப்பு திரும்பியதும் அதே லிங்க்கில் படம் தொடரும். வீட்டுக்காரர்கள் மட்டும் பார்த்தால் போதுமென்றால், யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று வைத்துவிட்டால், லிங்க் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

படம் நின்றால் எங்கே பார்ப்பது?

காலை 6.40. சிட்னி சித்தியிடமிருந்து போன். 'ஏம்ப்பா, ஒண்ணுமே தெரியலையே... சுத்திக்கிட்டே இருக்கு.'

வீடியோக்காரர் லேப்டாப்பைப் பார்க்கிறார். ஓ.பி.எஸ்-ஸின் அடியில் பச்சை விளக்கு. ஒரு ஃபிரேம்கூடத் தவறவில்லை. 'இங்க நல்லாத்தான் போகுதும்மா, உங்க நெட்டைப் பாருங்க' என்று சொல்லிவிடத் தோன்றும். இந்த ஏற்பாட்டில் ஏமாறும் இடம் இதுதான். ரிலே சர்வர் நடுவில் இருக்கும்போது, ஓ.பி.எஸ்-ஸுக்குத் தெரிந்தது சர்வர் வரைக்கும்தான். அங்கிருந்து ஃபேஸ்புக்குக்குப் போகிறதா என்பது அதற்குத் தெரியாது. கீயில் ஓர் எழுத்து தவறினாலும், என்ஜின்எக்ஸ் 3 விநாடிக்கு ஒருமுறை சத்தமில்லாமல் முயன்றுகொண்டே இருக்கும். லேப்டாப்பில் விளக்கு பச்சையாகவே எரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி, மற்ற இரண்டு இடங்களையும் பார்ப்பதுதான். மூன்றும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், கோளாறு மண்டபத்துக்கும் சர்வருக்கும் நடுவில், அல்லது சர்வரிலேயே. ஓ.பி.எஸ்-ஸில் விளக்கு சிவந்து, `Dropped Frames` எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் மண்டபத்து இன்டர்நெட்தான் காரணம். பிட்ரேட்டை 3,000-லிருந்து 1,500-க்கு இறக்கினால் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் ஓடும். நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதியும் ஓ.பி.எஸ்-ஸில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அதைப் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

ஒன்று மட்டும் நின்று மற்ற இரண்டும் ஓடினால், மண்டபத்து இன்டர்நெட்டைத் தொடவே கூடாது. கோளாறு அந்த ஒரு கிளையில்தான். கீ தவறாக இருக்கலாம், எஸ்டனல் நின்றிருக்கலாம், அல்லது அந்தத் தளமே தடுத்திருக்கலாம். மூன்றும் ஓடி, ஒருவருக்கு மட்டும் நின்றால், அப்போதுதான் 'உங்க நெட்டைப் பாருங்க' என்று சொல்லலாம்.

எனவே, மண்டபத்து வைஃபையில் இல்லாத ஒரு போனில், வேறு கம்பெனி சிம்மில், உறவினர் ஒருவர் மூன்று லிங்க்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலேஜ் படிக்கும் ஒரு தம்பியை இதற்கென்றே உட்கார வைத்துவிடலாம்.

அந்தத் தம்பி ஒரு விஷயத்தைக் கண்டு பயப்படாமலிருக்க வேண்டும். மூன்று இடங்களும் ஒரே நொடியில் ஓடாது. ஒவ்வொரு தளமும் படத்தைப் பார்வையாளருக்குத் தருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. ரிலே சர்வரால் சேரும் தாமதம் மிகச் சிறிது. தளங்களின் தாமதம் சில விநாடிகளிலிருந்து அரை நிமிடத்துக்கு மேலும் போகும். சித்தி ஃபேஸ்புக்கில் 'தாலி கட்டியாச்சு!' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடும்போது, டொரன்டோ டி.வி-யில் ஐயர் இன்னும் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். அது கோளாறு இல்லை.

பாட்டு வந்தால் படம் போகும்

தளமே தடுப்பதற்கு முக்கியக் காரணம், பாட்டு. நாதஸ்வரக்காரர் கீர்த்தனை வாசிக்கும்வரை பெரும்பாலும் சிக்கல் இருக்காது. மணமக்கள் மேடைக்கு வரும்போது ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டால், யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். பாட்டு தொடர்ந்தால் படத்துக்குப் பதில் ஓர் அசையாத அட்டையைக் காட்டலாம், நேரலையையே நிறுத்தவும் செய்யலாம். கல்யாண நிகழ்ச்சியில் பாட்டு போடுவதற்கு 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் விலக்கு தந்திருக்கிறது. ஆனால், தானியங்கிச் சோதனை அதையெல்லாம் பார்ப்பதில்லை.

ரிலே வைத்திருப்பதன் இன்னொரு பயன் இங்கே தெரியும். யூடியூப் தடுத்தாலும் ஃபேஸ்புக் கிளை ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால், அங்கும் இதுபோன்ற சோதனை உண்டு என்பதால் அதை மட்டுமே நம்ப முடியாது. சரியான வழி, மண்டபத்து ஸ்பீக்கர் சத்தத்தை நேரலைக்கு எடுக்காமல் இருப்பது. மணவறையில் ஒரு மைக், நாதஸ்வரத்துக்கு ஒரு மைக். சினிமாப் பாட்டு ஆரம்பித்ததும் இரண்டையும் ஓ.பி.எஸ்-ஸில் இறக்கிவிட்டு, அந்த நேரத்துக்கு உரிமைப் பிரச்னை இல்லாத மங்கல இசை ஒன்றை ஓடவிடலாம்.

ரிலேவே படுத்தால்?

மூன்று கிளைகளையும் ஒரே மரத்தில் கட்டியிருக்கிறோம். மரம் விழுந்தால் மூன்றும் விழும். ரிலே ஏற்பாட்டின் பெரிய பலவீனம் இது. அதற்கு மாற்று ஏற்பாடு எளிது. ஓ.பி.எஸ்-ஸில் இரண்டு புரொஃபைல்கள் வைத்திருக்க வேண்டும். ஒன்று ரிலே சர்வருக்கு. இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டு யூடியூபுக்கு நேராக. சர்வர் மூச்சுவிடவில்லை என்று தெரிந்ததும், ஸ்ட்ரீமை நிறுத்தி, புரொஃபைலை மாற்றி, மறுபடி தொடங்கினால் அரை நிமிடத்தில் யூடியூப் லிங்க்கில் படம் திரும்பிவிடும். ஆட்டோ ஸ்டாப்பை அணைத்திருந்தால் அதே லிங்க்தான். ஃபேஸ்புக்கில் இருக்கும் சித்திக்கு யூடியூப் லிங்க்கை அனுப்பிவைத்துவிடலாம். இந்த மாற்றத்தை முந்தின நாளே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் கை நடுங்கும்.

சர்வர் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ரீஸ்ட்ரீம், ஸ்ட்ரீம்யார்டு போன்ற சேவைகள் இருக்கின்றன. அவர்களுடைய சர்வரே ரிலேவாக இருக்கும். இலவசத் திட்டத்தில் அனுப்பும் இடங்களுக்கு வரம்பும், படத்தின் மேல் அவர்களது முத்திரையும் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு கல்யாணம் என்றால் அவை போதும். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று கல்யாணம் எடுக்கும் ஸ்டூடியோவுக்குச் சொந்த ரிலே கட்டுப்படியாகும்.

கடைசியாக ஒன்று. நேரலை எத்தனை இடங்களுக்குப் போனாலும், ஓ.பி.எஸ்-ஸில் `Start Recording` பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட வேண்டும். ஃபேஸ்புக் 2025 பிப்ரவரியிலிருந்து நேரலை வீடியோக்களை 30 நாள்தான் வைத்திருக்கிறது. யூடியூபில் 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலை சேனலிலேயே தங்கும். ஆனால், நடுவில் இன்டர்நெட் தடுமாறிய இடங்களில் அதிலும் ஓட்டை விழுந்திருக்கும். லேப்டாப்பில் பதிவாகும் படத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமில்லை. டொரன்டோ அண்ணன் அந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டிருந்தால், மாலையில் அவருக்கு அனுப்பிவைக்க அதில் முழுதாக இருக்கும்.